t = 0 போட்டால் சரியாக வருகிற விடை ஏன் தப்பாகிறது?

"டீச்சர், நான் பகாவ்ல ஆறாம் படிவம் படிக்கிறேன், மேத்ஸ் டி. வகைக்கெழுச் சமன்பாட்டுக் கணக்கெல்லாம் செய்யத் தெரியுது, ஆனா சோதனையில விடை தப்பாப் போயிடுது. செக் பண்ணாம குடுக்கிறதில்ல, t = 0 போட்டுப் பார்க்கிறேன், சரியாத்தான் வருது, அப்புறமும் தப்பு. எல்லாத்தையும் திரும்பச் செய்ய நேரமும் இல்ல. வேற எப்படிச் செக் பண்றது?"

தம்பி, நீ t = 0 போட்டுப் பார்ப்பது பெரும்பாலும் ஒன்றையும் சோதிப்பதில்லை. கேள்வியில் கொடுத்த அந்தத் தொடக்க நிபந்தனையை வைத்துத்தானே தொகையிடும்போது வந்த மாறிலி C-ஐக் கண்டுபிடித்தாய்? t = 0 என்றால் இவ்வளவு வர வேண்டும் என்று நீயே கட்டாயப்படுத்தி C-க்கு ஒரு மதிப்புக் கொடுத்துவிட்டு, மறுபடியும் t = 0 போட்டால் அதேதான் வரும். அதற்கு முன்னால் தொகையிடுவதில் எவ்வளவு பெரிய தப்பு நடந்திருந்தாலும் C அதை அந்த ஒரு புள்ளியில் மூடி மறைத்துவிடும். அந்தச் சோதனை பிடிப்பது, C-ஐக் கணக்கிட்டபோது கூட்டல் கழித்தலில் சறுக்கினாயா, குறி மாறியதா என்பதைத்தான். அதுவும் வேண்டியதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது பாதி வேலைகூட இல்லை.

ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு பேசுவோம், வெறுமனே சொன்னால் புரியாது. உங்கள் பக்கம் செம்பனை நாற்றங்கால்களில் உரம் கரைத்து ஊற்றுவதைப் பார்த்திருப்பாய், அதையே வைத்துக்கொள்ளலாம். ஒரு தொட்டியில் 100 லிட்டர் சுத்தமான தண்ணீர் இருக்கிறது. லிட்டருக்கு 2 கிராம் உரம் கரைந்த நீர் நிமிடத்துக்கு 3 லிட்டர் உள்ளே வருகிறது. நன்றாகக் கலந்தபடியே நிமிடத்துக்கு 2 லிட்டர் வெளியே போகிறது. t நிமிடத்துக்குப் பிறகு தொட்டியில் இருக்கும் உரம் x கிராம். x என்ன?

உள்ளே வருவது நிமிடத்துக்கு 6 கிராம். தொட்டியில் தண்ணீர் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் கூடிக்கொண்டே போவதால் t நிமிடத்தில் 100 + t லிட்டர் இருக்கும், அதில் 2 லிட்டர் வெளியேறுகிறது. ஆகவே

dx/dt = 6 − 2x/(100 + t),  x(0) = 0

தொகையீட்டுக் காரணி (100 + t)². அதால் பெருக்கித் தொகையிட்டால்

(100 + t)² x = 2(100 + t)³ + C

இதுவரை என்னிடம் டியூஷன் வருகிற பிள்ளைகள் எல்லாரும் ஒழுங்காக வந்துவிடுவார்கள். அடுத்த வரியில்தான் விழுவார்கள். இரண்டு பக்கமும் (100 + t)² ஆல் வகுக்கும்போது C-ஐ அப்படியே விட்டுவிட்டு

x = 2(100 + t) + C

என்று எழுதுவார்கள். "C எப்படியும் மாறிலிதானே, வகுத்தாலும் மாறிலிதான்" என்ற நினைப்பு. 5 ஆல் வகுத்தால் அது சரி, (100 + t)² ஆல் வகுத்தால் எப்படி மாறிலியாக இருக்கும்? சரி, அதை விடு. இப்போது x(0) = 0 போட்டால் C = −200, விடை x = 2t. எவ்வளவு அழகான விடை பார். t = 0 போட்டால் 0 வருகிறது. நீ செய்கிற செக்கில் இது பாஸ். விடைத்தாளை மடித்து வைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவாய்.

இதையே சமன்பாட்டில் வைத்துப் பார். x = 2t என்றால் dx/dt = 2. வலது பக்கம் 6 − 4t/(100 + t). t = 0 என்றால் வலது பக்கம் 6, இடது பக்கம் 2. முடிந்தது, தப்பு. பத்து விநாடி வேலை. கவனி, இங்கேயும் நான் t = 0தான் போட்டேன், ஆனால் x-இல் போடவில்லை, dx/dt-இல் போட்டேன். தொடக்கத்தில் தொட்டியில் உரமே இல்லை, வெளியேறுவதும் சுத்தத் தண்ணீர்தான், அப்படியென்றால் உரம் நிமிடத்துக்கு 6 கிராம் வேகத்தில் ஏறத் தொடங்க வேண்டும். நீ சொல்கிற விடை 2 கிராம் என்கிறது. நிபந்தனையைக் கொண்டு C-ஐ நிர்ணயித்த பிறகும் அந்தப் புள்ளியில் சரிவு என்ன என்பதை நீ எங்கேயும் கட்டாயப்படுத்தவில்லை, அதனால்தான் அது உண்மையைச் சொல்கிறது.

சரியான விடைக்கு வருவோம். C-ஐயும் வகுத்தால்

x = 2(100 + t) + C/(100 + t)²

t = 0 இல் 200 + C/10000 = 0, ஆகவே C = −2000000.

x = 2(100 + t) − 2000000/(100 + t)²

முழுவதுமாக வைத்துப் பார்ப்போம். இடது பக்கம்: dx/dt = 2 + 4000000/(100 + t)³. வலது பக்கம்: x-ஐ 2/(100 + t) ஆல் பெருக்கினால் 4 − 4000000/(100 + t)³, அதை 6 இலிருந்து கழித்தால் 2 + 4000000/(100 + t)³. இரண்டும் ஒன்று, எந்த t-க்கும். அப்புறம் x(0) = 200 − 200 = 0. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் சமன்பாட்டுக்கும் நிபந்தனைக்கும் இது விடை என்று சொல்ல முடியும்.

ஏன் இரண்டும் தேவை என்றால், ஒன்று பார்ப்பதை மற்றது பார்ப்பதில்லை. C-ஐக் கணக்கிடும்போது 10000-ஐ 100 என்று எழுதிவிட்டாய் என்று வை, C = −20000 வரும். அந்த விடையை dx/dt சமன்பாட்டில் வைத்தால் கச்சிதமாகப் பொருந்தும், ஏனென்றால் C என்னவாக இருந்தாலும் அந்தச் சமன்பாட்டுக்கு விடைதான். இங்கே மாட்டிக்கொடுப்பது தொடக்க நிபந்தனை: x(0) = 200 − 2 = 198, சுத்தத் தண்ணீர்த் தொட்டியில் 198 கிராம் உரம். மாறாக x = 2t-ஐ நிபந்தனை விட்டுவிட்டது, சமன்பாடு பிடித்தது. வடிவத்தைச் சமன்பாடு பார்க்கும், C-யின் மதிப்பை நிபந்தனை பார்க்கும்.

இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும். C-ஐக் கண்டுபிடிப்பதற்கு முன்னாலேயே, பொதுத் தீர்வு கையில் வந்த நிமிடத்திலேயே சோதித்துவிடு. விடையில் இரண்டு துண்டு இருக்கிறது, C இல்லாத துண்டு ஒன்று, C உள்ள துண்டு ஒன்று. x உள்ளதையெல்லாம் இடப்பக்கம் கொண்டுபோனால் சமன்பாடு dx/dt + 2x/(100 + t) = 6. C இல்லாத துண்டு 2(100 + t)-ஐ அதில் போட்டால் 2 + 4 = 6 வர வேண்டும், வருகிறது. C உள்ள துண்டைப் போட்டால் 0 வர வேண்டும். C/(100 + t)² போட்டால் −2C/(100 + t)³ + 2C/(100 + t)³, சுழியம். வெறும் C போட்டிருந்தாயானால் 0 + 2C/(100 + t), சுழியம் இல்லை, C தப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அந்த வரியே காட்டிக்கொடுத்துவிடும். இதில் லாபம் என்னவென்றால் தப்பு இருக்கிறது என்பது மட்டுமல்ல, எந்தத் துண்டில் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடுகிறது. C இல்லாத துண்டு பொருந்தவில்லை என்றால் வலப்பக்கத்தைத் தொகையிட்டதில் கோளாறு. C உள்ள துண்டு சுழியமாகவில்லை என்றால் தொகையீட்டுக் காரணியிலோ அதால் வகுத்த இடத்திலோ கோளாறு. மற்ற வரிகளைத் தொடவே வேண்டாம். ஆனால் இது நேரியல் சமன்பாட்டுக்கு மட்டும்தான், x² அல்லது 1/x என்று வந்துவிட்டால் இப்படித் துண்டு துண்டாகப் பிரிக்க முடியாது, முழு விடையையும்தான் வைத்துப் பார்க்க வேண்டும்.

விடை நீளமாக இருந்து, எழுத்திலேயே சுருக்கிப் பார்க்கப் பொறுமை இல்லை என்றால் ஒரு எண்ணைப் போட்டுப் பார். t = 10 எடுத்துக்கொள். x(10) = 220 − 2000000/12100, அதாவது 54.711. வலது பக்கம் 6 − 2 × 54.711/110 = 5.005. இடது பக்கம் 2 + 4000000/1331000 = 5.005. பொருந்துகிறது. உன் கால்குலேட்டரில் d/dx பொத்தான் இருந்தால் விடையை அப்படியே அதில் தட்டி t = 10 இல் சரிவு என்ன என்று கேட்டுக்கொள்ளலாம், அப்போது நீ வகையிட்டதில் தப்பு இருந்தாலும் சோதனை கெடாது. (ஸைன், கோஸைன் வந்தால் மட்டும் கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள், டிகிரியில் வைத்துவிட்டுச் சரியான விடையை அடித்துப்போட்ட பிள்ளைகள் உண்டு.) எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது 0, 1 இரண்டையும் தவிர்த்துவிடு. 1-ஐ எத்தனை அடுக்கு வைத்தாலும் 1தான், t² இருக்க வேண்டிய இடத்தில் t³ இருந்தாலும் x-இன் மதிப்பில் அது தெரியாது. 0 போட்டால் பாதி உறுப்புகள் காணாமலே போய்விடும். t = 0 இல் சரிவைப் பார்ப்பது முதல் சல்லடை, அதில் விழுந்தால் தப்பு உறுதி, தேறிவிட்டால் மட்டும் சரி என்று அர்த்தம் இல்லை. அப்புறம் C தசம எண்ணாக வந்தால் மூன்று முக்கிய இலக்கத்துக்குச் சுருக்குவதைக் கடைசி விடையில் மட்டும் செய், சோதனைக்கு முழு எண்ணையும் வைத்துக்கொள். இல்லாவிட்டால் சின்ன வித்தியாசம் வந்து, தப்பா சுருக்கலா என்று தெரியாமல் தவிப்பாய்.

இதில் ஒரு விஷயம் முக்கியம். எந்தச் சமன்பாட்டில் வைத்துப் பார்க்கிறாய்? கேள்வித்தாளில் அச்சிட்டிருக்கிற சமன்பாட்டில். நீ மாற்றி எழுதிய இரண்டாவது வரியில் இல்லை. மாற்றி எழுதும்போது குறி தவறியிருந்தால், தவறிய வரியில் வைத்துப் பார்க்கிற விடை அந்தத் தவறோடு நன்றாகவே ஒத்துப்போகும். அதனால் பேனாவை எடுப்பதற்கு முன் கேள்வித்தாளுக்குத் திரும்பு, அங்கே இருப்பதைப் படித்து வை.

தொடக்க நிபந்தனை நிஜமாகவே காப்பாற்றுகிற இடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மேலே அதைக் கொஞ்சம் மட்டம் தட்டிவிட்டேன். dy/dx = x/y, x = 0 என்றால் y = −2 என்று ஒரு கேள்வி. மாறிகளைப் பிரித்துத் தொகையிட்டால் y² = x² + C, நிபந்தனையைப் போட்டால் C = 4. பிறகு வர்க்கமூலம் எடுத்து y = √(x² + 4) என்று எழுதிவிடுவார்கள். சமன்பாட்டில் வைத்துப் பார், dy/dx = x/√(x² + 4) = x/y, அப்படியே பொருந்தும். எந்த எண் போட்டாலும் பொருந்தும். ஆனால் x = 0 போட்டால் y = 2, கேள்வியில் இருப்பது −2. சரியான விடை y = −√(x² + 4). இங்கே C-ஐக் கண்டுபிடித்த பிறகுதான் தப்பு நடந்தது, வர்க்கமூலம் எடுக்கும்போது, அதனால் நிபந்தனை அதை மறைக்க முடியவில்லை. ஆகவே நிபந்தனையை C கண்டுபிடித்த வரியில் போட்டுப் பார்க்காதே, கடைசியாக அடிக்கோடு போடுகிற வரியில் போட்டுப் பார். வர்க்கமூலம், மட்டுக்குறி உள்ள மடக்கை, இந்த இரண்டும் வருகிற கணக்கில் இதை விடவே கூடாது. தேநீர் ஆறுவது மாதிரி, C-ஓடு ஆறுகிற வேகத்தைக் காட்டும் k-யும் தெரியாமல் இருக்கிற கணக்குகளில், 0 நிமிடத்தில் 90 டிகிரி, 10 நிமிடத்தில் 60 டிகிரி என்பது மாதிரி இரண்டு தகவல் கொடுத்திருந்தால் இரண்டையும் கடைசி விடையில் போட்டுப் பார்க்க வேண்டும். k-யின் குறி தப்பாக இருந்தால் ஆறுகிற தேநீர் சூடாகிக்கொண்டே போகும், இரண்டாவது எண்ணில் அது தெரிந்துவிடும்.

இவ்வளவு செய்தும் பிடிபடாத தப்பு ஒன்று இருக்கிறது. அதே தொட்டிக் கணக்கில், தண்ணீர் கூடிக்கொண்டு போவதைக் கவனிக்காமல் எப்போதும் 100 லிட்டர்தான் என்று எடுத்துக்கொண்டாய் என்றால் dx/dt = 6 − x/50 என்று எழுதுவாய். விடை x = 300(1 − e^(−t/50)). x(0) = 0, சரி. t = 0 இல் சரிவு 300/50 = 6, சரி. சமன்பாட்டில் வைத்தால் எல்லா t-க்கும் சரி. எல்லாச் சோதனையிலும் பாஸ், ஆனால் விடை தப்பு, ஏனென்றால் நீ தீர்த்ததே வேறு ஒரு தொட்டியின் சமன்பாடு. கேள்வியில் சமன்பாட்டைக் கொடுத்துத் தீர்க்கச் சொன்னால் இந்தப் பயம் இல்லை. கதையைக் கொடுத்து நீயே சமன்பாடு அமைக்க வேண்டும் என்றால், விடையைக் கதையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

எப்படி? ரொம்ப நேரம் போனால் என்ன ஆகும் என்று கேள். உன் விடைப்படி உரம் 300 கிராமை நெருங்குகிறது, உன் கணக்கில் தொட்டி 100 லிட்டர், அப்படியானால் லிட்டருக்கு 3 கிராம். உள்ளே வருவதே லிட்டருக்கு 2 கிராம்தான், 3 எங்கிருந்து வரும்? சரியான விடையை 100 + t ஆல் வகுத்துப் பார், 2 − 2000000/(100 + t)³. அது 0-இல் தொடங்கி 2-ஐ நெருங்குகிறது, தாண்டுவதில்லை. தொட்டி நிரம்பும் வரைதான் இந்தச் சூத்திரம் செல்லும் என்பது வேறு விஷயம், 200 லிட்டர்த் தொட்டி என்றால் t = 100 வரை, சில கேள்விகளில் அதையும் கேட்பார்கள்.

x = 2t-ஐக்கூட இந்த வழியில் பிடிக்கலாம். 10 நிமிடத்தில் உள்ளே வந்தது 60 கிராம். x = 2t என்றால் தொட்டியில் 20 கிராம், மீதி 40 கிராம் வெளியே போன 20 லிட்டரில் போயிருக்க வேண்டும், லிட்டருக்கு 2 கிராம். உள்ளே வருகிற நீரின் அடர்த்தியிலேயே வெளியே போனதாம், தொட்டியோ லிட்டருக்கு 0.2 கிராம்கூட எட்டவில்லை. நடக்காது.

ஒரு எச்சரிக்கை, கேள்வியில் "எல்லாத் தீர்வுகளும்" என்று கேட்டிருந்தால் வைத்துப் பார்ப்பது உன்னிடம் இருக்கிற விடையைத்தான் சோதிக்கும், விட்டுப்போனதைச் சொல்லாது. dy/dx = y² இல் y² ஆல் வகுக்கும்போதே y = 0 என்ற தீர்வு நழுவிவிடும். எதால் வகுத்தாயோ அது சுழியமானால் என்ன என்று அங்கேயே ஒரு வரி எழுதிப் பார்த்துவிடு.

நேரம் என்று கேட்டாய். எஸ்.டி.பி.எம். மேத்ஸ் டி-யில் ஒரு பருவத் தாளுக்கு 90 நிமிடம், 60 மதிப்பெண், அதாவது மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடம். தொடக்கச் சரிவு பார்ப்பது, கடைசி வரியில் நிபந்தனை போடுவது, ரொம்ப நேரம் போனால் என்ன ஆகும் என்று பார்ப்பது, இந்த மூன்றும் சேர்ந்து ஒரு நிமிடத்துக்குள் முடியும், சமன்பாடு எளிதாக இருந்தால் முழுவதுமாக வைத்துப் பார்க்க இன்னொரு நிமிடம். எல்லாத்தையும் திரும்பச் செய்வதைவிட இது எவ்வளவோ குறைவு, அதோடு திரும்பச் செய்யும்போது அதே மூளை அதே இடத்தில் அதே தப்பைத்தான் செய்யும், வகையிட்டுப் பார்க்கும்போது வேறு பாதையில் வருவதால்தான் அது கண்ணில் படுகிறது. சோதனையைத் தாளின் கடைசிக்குத் தள்ளிவைக்காதே, அந்தக் கேள்வியை முடித்த உடனே செய், அப்போதுதான் எந்த வரியில் என்ன செய்தாய் என்று நினைவில் இருக்கும்.

பொருந்தவில்லை, திருத்த நேரமும் இல்லை என்றால் எழுதியதை அடித்துவிடாதே. செய்முறையைக் காட்டச் சொல்கிற தாள் அது, காரணியைச் சரியாகக் கண்டுபிடித்ததற்கும் தொகையிட்டதற்கும் கிடைக்க வேண்டிய மதிப்பெண்ணை நீயே ஏன் அழிக்க வேண்டும்? C உள்ள துண்டை மட்டும் ஒரு முறை பார், அது சுழியமாகவில்லை என்றால் வகுத்த வரிக்குப் போய் அதிலிருந்து கீழே மட்டும் ஒரு கோடு போட்டு மாற்றி எழுது. இந்தத் தொட்டிக் கணக்கில் அது மூன்றே வரி.